எவ்வளவு சேர்த்தால் போதும்? ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்தின் கணக்கு

சம்பளத்தில் எத்தனை விழுக்காடு சேமிக்க வேண்டும் என்று கேட்டால் பத்து என்பார் ஒருவர், முப்பது என்பார் இன்னொருவர். இரண்டுமே வருமானத்தைப் பார்த்துச் சொல்லும் பதில்கள். எவ்வளவு போதும் என்பது வருமானத்தைப் பொறுத்ததல்ல, செலவைப் பொறுத்தது. மாதம் 12,000 வெள்ளி சம்பாதித்து 4,000 வெள்ளியில் வாழ்பவருக்கும், 7,000 சம்பாதித்து அதே 4,000 வெள்ளியில் வாழ்பவருக்கும் முதுமையில் தேவைப்படுவது ஏறக்குறைய ஒரே தொகைதான்.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கு மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் எளிது. மத்திய சேமநிதி, அதாவது நாம் நாள்தோறும் சிபிஎஃப் என்று சொல்வது, உயிர் உள்ளவரை மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. ஆகவே நாம் கையால் சேர்க்க வேண்டியது முழு முதுமைச் செலவுக்கும் அல்ல. செலவுக்கும் சிபிஎஃப் தருவதற்கும் உள்ள இடைவெளிக்கு மட்டும். அந்த இடைவெளியைக் கணக்கிட்டுவிட்டால், இன்று தாராளமாகச் செலவழிக்கக்கூடிய பணம் எவ்வளவு என்பதும் அதே கணக்கிலிருந்து வந்துவிடும். ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

முதலில் உண்மையான செலவு

ஜூரோங் வெஸ்ட்டில் நாலறை வீவக வீடு. கணவன், மனைவி இருவருக்கும் வயது 40. தொடக்கப்பள்ளியில் இரண்டு பிள்ளைகள். கணவனுக்குச் சம்பளம் 5,500 வெள்ளி, மனைவிக்கு 3,500. ஊழியர் பங்கான 20 விழுக்காடு சிபிஎஃப்புக்குப் போகிறது. சிண்டாவுக்கு 9 வெள்ளியும் 7 வெள்ளியும் பிடிக்கிறார்கள். கையில் வருவது 4,391, 2,793. இருவருக்கும் சேர்த்து 7,184 வெள்ளி. வீட்டுக் கடன் சிபிஎஃப் சாதாரணக் கணக்கிலிருந்தே போய்விடுகிறது.

மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் குறைத்துத்தான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, மாதாமாதம் வராத செலவுகள் மறந்துவிடும். தீபாவளித் துணிமணி, டிசம்பர் விடுமுறையில் நான்கு பேருக்கு இந்தியா டிக்கெட், ஆண்டுக்கொரு முறை கட்டும் காப்புறுதி, கெட்டுப்போன குளிர்சாதனம். காப்பிக்கடையில் குடித்த தே தாரிக் வரை எழுதி வைக்கும் பழக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் நிலைக்காது. அதற்குச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. ஓராண்டுக்கு முன் எல்லா வங்கிக் கணக்குகளிலும் சேமிப்பிலும் இருந்த மொத்தத் தொகையை எடுங்கள். அந்த ஆண்டில் போனஸ் உட்பட கைக்கு வந்த பணத்தைக் கூட்டுங்கள். இன்றைய மொத்த இருப்பைக் கழியுங்கள். பங்குகள் வைத்திருந்தால் அவற்றின் விலை ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு, அதில் போட்ட பணத்தை மட்டும் சேர்க்க வேண்டும். மிஞ்சுவதுதான் ஆண்டுச் செலவு. எதை வாங்கினோம் என்று தெரியாவிட்டாலும் எவ்வளவு போனது என்பது பிசகாமல் தெரியும்.

நம் குடும்பத்துக்கு இப்படிப் பார்த்ததில் மாதம் 5,200 வெள்ளி வந்தது. இது இன்றைய செலவு. 65 வயதில் இதே பட்டியல் இருக்காது. பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு, பள்ளிச் செலவு, கைச்செலவு என 1,300 போய்விடும். ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்பும் 500 வெள்ளியும், வேலைக்குப் போய்வரும் செலவும் வெளியில் சாப்பிடுவதுமாக 400 வெள்ளியும், வருமானத்துக்காக எடுத்த ஆயுள் காப்புறுதி 200 வெள்ளியும் நிற்கும். மிச்சம் 2,800. வயதானபின் கூடும் மருத்துவச் செலவுக்கும், மருத்துவக் காப்புறுதிச் சந்தா உயர்வுக்கும், ஆண்டுக்கொரு பயணத்துக்கும் 700 சேர்த்தால் 3,500 வெள்ளி. எல்லாமே இன்றைய விலைவாசியில்.

சிபிஎஃப் தருவதை இன்றைய பணமாக மாற்றுவது

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 2026இல் 55 வயதாகிறவர் முழு ஓய்வுக்காலத் தொகையான 220,400 வெள்ளியை ஒதுக்கிவைத்தால், 65 வயதிலிருந்து மாதம் 1,700 வெள்ளிக்கு மேல் கிடைக்கும். இதைப் படித்துவிட்டு, இருவருக்கும் 3,400, செலவு 3,500, பிறகென்ன கவலை என்று முடிவு கட்டுவது தவறு. அந்த 1,700 வெள்ளி இன்றைய பணமல்ல, பத்தாண்டு கழித்து கைக்கு வரும் பணம். ஆண்டுக்கு 2 விழுக்காடு விலைவாசி உயர்ந்தாலே அது இன்றைய 1,400 வெள்ளிக்குத்தான் ஈடாகும்.

இரண்டாவது சிக்கல், இந்த மாதத் தொகையைத் தரும் சிபிஎஃப் லைஃபின் வழக்கமான திட்டம் ஒரே அளவில் தொகை தரும். 65 வயதில் வந்த அதே வெள்ளிதான் 85 வயதிலும் வரும். வாங்கும் பொருள்தான் குறைந்துகொண்டே போகும். ஆண்டுக்கு 2 விழுக்காடு உயரும் திட்டமும் உண்டு. அதில் தொடக்கத் தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கணக்குப் போடும்போது உயரும் திட்டத்தின் குறைந்த தொகையை எடுத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு.

சிங்பாஸ் மூலம் சிபிஎஃப் இணையத்தளத்தில் நுழைந்தால், உங்கள் கணக்குகளில் இருப்பதை வைத்து மாதத் தொகையை மதிப்பிடும் கருவி இருக்கிறது. நம் தம்பதிக்கு அதில் உயரும் திட்டத்தின்படி இருவருக்கும் சேர்த்து 65 வயதில் 2,800 வெள்ளி வந்ததாக வைத்துக்கொள்வோம். அதுவரை 25 ஆண்டு. 2 விழுக்காடு பணவீக்கத்தில் 25 ஆண்டுக்கு வகுக்க வேண்டிய எண் 1.64. வகுத்தால் இன்றைய பணத்தில் சுமார் 1,700.

வேண்டியது 3,500. வருவது 1,700. இடைவெளி மாதம் 1,800 வெள்ளி.

இடைவெளியிலிருந்து மொத்தத் தொகைக்கு

மாதம் 1,800 என்றால் ஆண்டுக்கு 21,600. இதை 25ஆல் பெருக்கினால் 540,000 வெள்ளி. 25 எங்கிருந்து வந்தது? 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் பழைய பங்குச்சந்தை, கடன்பத்திர விவரங்களை வைத்துச் சோதித்தார். ஓய்வின் முதல் ஆண்டில் சேமிப்பில் 4 விழுக்காட்டை எடுத்து, பிறகு ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டால், மோசமான காலங்களிலும் 30 ஆண்டு தாங்கியது என்று கண்டார். 4 விழுக்காட்டின் தலைகீழ்தான் 25 மடங்கு. அது அமெரிக்கச் சந்தையின் வரலாறு, பணத்தில் பாதிக்கு மேல் பங்குகளில் இருந்தவர்களுக்கான கணக்கு. எல்லாவற்றையும் வங்கியில் வைக்கப்போகிறவர் 30 மடங்கு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது: 95 வயதைத் தாண்டி வாழ்ந்து இந்தப் பணம் தீர்ந்துபோனாலும் சிபிஎஃப் லைஃப் நிற்காது. பெங்கன் கணக்கில் அப்படியொரு தரை கிடையாது. அதனால் இங்கே 25 மடங்கு அளவுக்கு மீறிய துணிச்சல் ஆகாது.

அந்தத் தம்பதியிடம் ஏற்கெனவே 90,000 வெள்ளி பங்குச்சந்தைக் குறியீட்டு நிதியிலும் கடன்பத்திரத்திலும் இருக்கிறது. பணவீக்கம் போக ஆண்டுக்கு 3 விழுக்காடு வளரும் என்று வைத்து, 25 ஆண்டில் 540,000ஐ அடைய மாதம் எவ்வளவு போட வேண்டும் என்பதை எக்செல்லிலோ கூகல் ஷீட்ஸிலோ ஒரே வரியில் பார்க்கலாம்:

```
=PMT(3%/12, 25*12, -90000, 540000)
```

விடை −784 என்று வரும். கழித்தல் குறிக்கு, கையிலிருந்து போகும் பணம் என்று பொருள். 800 என்று முழுமைப்படுத்திக்கொள்வோம். இன்றைய பணத்தில் போட்ட கணக்கு என்பதால், விலைவாசியும் சம்பளமும் ஏறும்போது இந்த 800ஐயும் ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏற்ற வேண்டும்.

அந்த 3 விழுக்காடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதையே 0 என்று மாற்றிப் பாருங்கள். விலைவாசியை மட்டும் ஈடுகட்டும் வட்டியில் பணம் கிடந்தால், அதே இலக்குக்கு மாதம் 1,500 வேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் நீண்ட காலம் பணத்தை வைத்திருப்பவர்கள் இந்த நிலைக்கும் கீழேதான் இருக்கிறார்கள். முதுமைக்காக இன்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டும் குடும்பங்கள் பலவற்றில், சேமிப்பு குறைவாக இருப்பது பிரச்சினை அல்ல. பணம் இருக்கும் இடம்தான் பிரச்சினை.

இனி இன்றைய பணம்

வருமானம் 7,184, செலவு 5,200. மிச்சம் 1,984. இதில் முதுமைக்கு 800. பிள்ளைகளின் மேற்படிப்புக்கு 400. அவசரத் தேவைக்கு ஆறு மாதச் செலவான 31,000 வெள்ளியை அவர்கள் ஏற்கெனவே தனியாக வைத்திருக்கிறார்கள் (வைத்திருக்காதவர் முதலில் அதை நிரப்ப வேண்டும். ஒரு பகுதியைச் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரத்தில் போடலாம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் முதல் குறையாமல் திரும்பப் பெறலாம், ஆனால் பணம் கைக்கு வர அடுத்த மாதத் தொடக்கம் ஆகும்). எல்லாம் போக மீதி 784 வெள்ளி. ஆண்டுக்கு 9,400 வெள்ளி. போனஸ் தனி.

இந்த 784 வெள்ளி செலவழிக்க வேண்டிய பணம். செலவழிக்கலாம் என்று கூடச் சொல்லவில்லை. இதையும் படிப்புக்கான 400ஐயும் சேர்த்து 1,984 முழுவதையும் 25 ஆண்டு போட்டுக்கொண்டே போனால் கையில் 10 லட்சத்து 70 ஆயிரம் வெள்ளி நிற்கும். தேவைப்படுவதைப் போல இருமடங்கு. 540,000 என்ற இலக்கை அவர்கள் 54 வயதிலேயே தொட்டுவிடுவார்கள். சீக்கிரம் வேலையை விட வேண்டும் என்பது ஆசையானால் அது வேறு கணக்கு: 65 வரை சிபிஎஃப் தொகை வராது, இடைப்பட்ட ஆண்டுகளின் முழுச் செலவையும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அப்படி ஒரு எண்ணமே இல்லாமல், பழக்கத்தால் மட்டும் சேர்த்துக்கொண்டிருந்தால், பிள்ளைகள் அப்பா அம்மாவோடு பயணம் வர விரும்பும் வயதும், ஊரில் பெரியவர்கள் நடமாடும் காலமும் கடந்துபோன பிறகு அந்தப் பணம் கையில் இருக்கும்.

ஆனால் எதில் செலவழிக்கிறோம் என்பதில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒருமுறைச் செலவு வேறு, ஒட்டிக்கொள்ளும் செலவு வேறு.

6,000 வெள்ளிக்கு நால்வரும் ஒரு பயணம் போகிறார்கள் என்போம். அதை முதுமைக்கான 800 வெள்ளியிலிருந்தே எடுத்தாலும் நட்டம் எவ்வளவு? 6,000 வெள்ளி 25 ஆண்டில் 12,700 ஆகியிருக்கும். அதை 25ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 500, மாதத்துக்கு 42 வெள்ளி. அதாவது 65 வயதில் மாதம் 3,500க்குப் பதில் 3,458 வெள்ளியில் வாழ வேண்டும். இந்த மாற்று விகிதத்தைத் தெரிந்துகொண்டால், ஒரு பயணம் போகலாமா வேண்டாமா என்று கணவனும் மனைவியும் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பயணம் உங்களுக்கு 42 வெள்ளி பெறுமா என்பதே கேள்வி.

மாதம் 300 வெள்ளி கூடுதலான வாழ்க்கைமுறைக்கு மாறுவது வேறு கதை. வாரம் இருமுறை உணவகம், அடிக்கடி வாடகைக் கார், இரண்டு மூன்று மாதச் சந்தாக்கள். பழகிவிட்டால் 65இலும் அது வேண்டும். எனவே இலக்கே 300 × 12 × 25 = 90,000 வெள்ளி உயர்கிறது. அதை எட்ட மாதம் இன்னும் 200 வெள்ளி சேமிக்க வேண்டும். 300 வெள்ளிச் சுகத்தின் உண்மை விலை இன்று 500. சம்பளம் உயரும்போதெல்லாம் செலவையும் அதே அளவு உயர்த்துபவர்கள் இலக்கை நெருங்கவே முடியாமல் போவது இதனால்தான். அவர்கள் ஓட ஓடக் கோடும் நகர்கிறது.

அதற்காக ஒட்டிக்கொள்ளும் செலவே கூடாது என்பதில்லை. 300, 200 என்ற இரண்டு விலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இடையில் ஒரு வகையும் உண்டு: பிள்ளைகள் வளரும்வரை ஆண்டுதோறும் பயணம், பெற்றோர் இருக்கும்வரை கூடுதலாக அனுப்பும் பணம். இவை மீண்டும் மீண்டும் வந்தாலும் ஒருநாள் தாமாக நின்றுவிடும் என்பதால் இலக்கை உயர்த்துவதில்லை. அந்த 784 வெள்ளிக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கணக்கு தவறும் இடங்கள்

குடியிருக்கும் வீட்டைச் சேமிப்பில் சேர்ப்பது முதல் தவறு. பக்கத்து வீடு ஆறு லட்சத்துக்கு விற்றது என்று கேள்விப்பட்டதும் 540,000 கைக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். வீட்டை விற்றால் முதலில் மிச்சக் கடன் கழியும். பிறகு வீட்டுக்காகச் சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்த முழுத் தொகையும், அது அங்கேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் 2.5 விழுக்காட்டு வட்டியோடு சிபிஎஃப்புக்குத் திரும்பிப் போகும். மீதிதான் ரொக்கம். அதிலிருந்துதான் அடுத்த வீட்டையும் பார்க்க வேண்டும். சிறிய வீட்டுக்கு மாறுவோம் என்று உறுதியாக முடிவு செய்தவர்கள் மட்டும், இரண்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பணத்தைப் பூட்டிவைப்பதில் அவசரம். சிபிஎஃப்பின் சிறப்புக் கணக்கில் 4 விழுக்காட்டு வட்டி, ரொக்கமாக நிரப்பினால் ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு. நல்ல திட்டம்தான். ஆனால் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. சாதாரணக் கணக்கிலிருந்து சிறப்புக் கணக்குக்கு மாற்றினாலும் அப்படியே. 40 வயதில் வேலை போய், ஆறு மாதச் செலவுப் பணமும் கரைந்த குடும்பத்துக்கு, சிபிஎஃப் அறிக்கையில் தெரியும் பெரிய எண் வாடகை கட்ட உதவாது. அவசர இருப்பு நிறைந்த பிறகே அந்தப் பக்கம் போகலாம்.

இருவரில் ஒருவர் முன்னே போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இறந்தவரின் மாதத் தொகை நின்றுவிடும். அவர் கட்டிய தொகையில் மிச்சமிருந்தால் நியமனதாரருக்கு வரும். ஆனால் ஒருவர் குறைந்தால் செலவு பாதியாகாது, மூன்றில் இரண்டு பங்காவது இருக்கும். நம் தம்பதியில் சிபிஎஃப் தொகை பெரிதாக உள்ளவர் கணவர் என்பதால், மனைவியின் கணக்கை நிரப்புவதே அவர்களுக்குப் பொருத்தம்.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது. சிபிஎஃப் இல்லாததால் 1,700 என்ற தரையே அவர்களுக்குக் கிடையாது, இடைவெளி முழுச் செலவுதான். திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ திரும்பப்போகிறவர் 3,500 வெள்ளியை வைத்துக் கணக்கிடாமல், அங்கே ஓராண்டுக்கு ஆகும் ரூபாய்ச் செலவை எடுத்து அதை 25ஆல் அல்ல, 30ஆல் பெருக்க வேண்டும். அங்கே விலைவாசி ஏறும் வேகம் இங்குள்ளதைவிடப் பொதுவாக அதிகம்.

கணக்கை மறுபடி போட ஏற்ற மாதம் ஜனவரி. சிபிஎஃப் வட்டி ஆண்டு முடிவில்தான் வரவு வைக்கப்படும் என்பதால் இருப்பு அப்போது முழுமையாகத் தெரியும். மூன்று எண்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்: ஆண்டுச் செலவு, சிபிஎஃப் மதிப்பீடு, கையில் உள்ள சேமிப்பு. புதிய எண்களைச் சூத்திரத்தில் போட்டு, மீதமுள்ள ஆண்டைக் குறைத்துவிட்டால், 800 என்பது 720 ஆகவோ 900 ஆகவோ மாறும். 900 ஆனால் அடுத்த ஆண்டு பயணத்தைச் சிறிதாக்கலாம். 720 ஆனால் 80 வெள்ளி கூடுதலாகச் செலவுப் பக்கம் வரும். சந்தை ஓராண்டு சரிந்ததற்காக மட்டும் தொகையைத் தாறுமாறாக மாற்ற வேண்டாம். இரண்டு ஜனவரி தொடர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் மாற்றுங்கள். வீட்டுக் கடன் முடிவது, பிள்ளை வேலைக்குப் போவது, வேலை போவது ஆகிய மூன்றுக்கும் மட்டும் ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.